சொட்டு உள்ளே போனதா?

காதுத் துளைக்கு முன்னால், கன்னத்தை ஒட்டினாற்போல் சின்னதாக ஒரு குருத்து மேடு இருக்கிறது. அதை விரலால் அமுக்கினால் சாதாரணமாக ஒன்றும் தெரியாது. காதுவலி என்று வந்தவர் அங்கே விரல் பட்டதுமே தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டால், கோளாறு செவிப்பறைக்கு வெளியே, காதுக்குழாயில்தான் என்று டாக்டர் பெரும்பாலும் அப்போதே முடிவுக்கு வந்துவிடுவார். காது மடலைப் பிடித்து இழுத்தாலும் அதே வலிதான். சளி பிடித்து நடுக்காதில் சீழ் கட்டும்போது வலி உயிர் போகும். ஆனால் மடலை இழுப்பதால் அது கூடுவதில்லை.

கோடை விடுமுறையில் காது டாக்டரிடம் வரும் பையனின் கதை அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கும். பாட்டி ஊருக்குப் போயிருப்பான். காலையில் கிணற்றில் குதித்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் கரையேறுவான். நான்கைந்து நாளில் காதில் அரிப்பு தொடங்கும். பட்ஸை விட்டுக் குடைவான். கையில் பட்ஸ் இல்லாவிட்டால் தீக்குச்சி. அரிப்பு அடங்கியதுபோல் இருந்து, மறுநாள் வலியாக மாறும். "கொஞ்சம் எண்ணெய் காய்ச்சி விடட்டுமா கண்ணு?" என்று பாட்டி பூண்டு தட்டிப் போட்ட எண்ணெயை இளஞ்சூடாக விட்டிருப்பார். மூன்றாம் நாள் அந்தப் பக்கம் படுக்க முடியாது, வாயைத் திறந்து மெல்ல முடியாது, காது அடைத்துக்கொள்ளும்.

இவ்வளவு அமர்க்களமும் நடப்பது ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் இடத்துக்குள். காதுக்குழாய் ஒரு முட்டுச்சந்து. உள்முனையைச் செவிப்பறை அடைத்திருக்கிறது. வெளிப்பக்கத்து மூன்றில் ஒரு பங்குக்கு அடியில் குருத்தெலும்பு. முடியும் குறும்பி சுரக்கும் சுரப்பிகளும் அங்கேதான். மீதி இரண்டு பங்கில் தோலுக்கு அடியில் நேராக எலும்பு. அங்கே தோல் மிக மெல்லியது, கொழுப்பு மெத்தை கிடையாது. அதனால்தான் வீக்கம் கொஞ்சமே ஆனாலும் வலி பெரிதாகிறது. வீங்குகிற தோலுக்கு விலகிக்கொள்ள இடமில்லை. எலும்புக்கும் வீக்கத்துக்கும் நடுவே நரம்பு மாட்டிக்கொள்கிறது. தாடை மூட்டு குழாயின் முன்சுவரை ஒட்டி இருப்பதால் மெல்லும்போதும் சுள்ளென்கிறது.

குறும்பியை அழுக்கு என்று நினைத்துத்தான் பலர் குடைகிறார்கள். உண்மையில் அது பூச்சு. எண்ணெய்ப்பசை இருப்பதால் தண்ணீரைத் தோலில் ஒட்டவிடாது. லேசான அமிலத்தன்மை இருப்பதால் கிருமிகளைத் தழைக்கவிடாது. காதுக்குழாயின் தோல் தானே மெதுவாக உள்ளிருந்து வெளியே நகர்ந்து, குறும்பியையும் சேர்த்து வாசலுக்குத் தள்ளிவிடுகிறது. மணிக்கணக்காகத் தண்ணீரில் கிடந்தால் இந்தப் பூச்சு கரைந்து, தோல் ஊறி, அமிலத்தன்மை குறைகிறது. ஊறிய தோலில் பட்ஸ் ஒரு கீறல் போட்டால் போதும், கிருமிக்குக் கதவு திறந்தாயிற்று. பெரும்பாலும் நுழைவது சூடோமோனாஸ் என்ற கிருமி. ஈரம் இருக்கும் இடமெல்லாம் அதற்கு வீடு. கிணறு, குளம், நீச்சல்குளம் என்று அது பேதம் பார்ப்பதில்லை. நீந்தவே தெரியாதவர்களுக்கும் இது வரும். தலைக்குக் குளித்த கையோடு காதைக் குடைகிற பழக்கம் இருந்தால் போதும்.

"சொட்டு மருந்து மட்டும்தானா, மாத்திரை இல்லையா?" என்று இங்கே ஒரு குறை எழும். மாத்திரை வாங்கினால்தான் வைத்தியம் என்று நமக்கு ஒரு எண்ணம். கணக்கைப் பாருங்கள். சிப்ரோஃப்ளாக்சசின் சொட்டு மருந்தின் புட்டியில் 0.3 சதவீதம் என்று போட்டிருக்கும். அதாவது ஒரு மில்லியில் 3 மில்லிகிராம் மருந்து. அதே மருந்தை 500 மில்லிகிராம் மாத்திரையாக விழுங்கினால், ஒரு மில்லி ரத்தத்தில் சேருவது அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நோய் தோலில் இருக்கிறது. சொட்டு அந்தத் தோலின் மேலேயே போய் உட்காருகிறது. தவிர, வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலினுக்கு சூடோமோனாஸ் மசியவே மசியாது. பல சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டும் கொஞ்சம் கலந்திருக்கும். அது வீக்கத்தை வற்றவைப்பதற்கு. புட்டியில் 'கண்/காது' என்று இருந்தால் பயப்பட வேண்டாம், கண் மருந்தைக் காதில் விடலாம். காதுக்கு மட்டும் என்று இருப்பதைக் கண்ணில் விடத்தான் கூடாது.

ஆனால் மருந்து வேலை செய்ய, அது உள்ளே போயாக வேண்டும். இந்த வைத்தியம் தோற்பது அநேகமாக இங்கேதான். முட்டுச்சந்துக்குள் காற்று அடைபட்டிருக்கும். சீழும் உரிந்த தோலும் வழியை மறிக்கும். அதனால் டாக்டர் முதலில் உறிஞ்சியோ துடைத்தோ சுத்தம் செய்வார். இதை வீட்டில் செய்யப் போகாதீர்கள். குழாய் வீங்கி மூடியே போயிருந்தால் துணித்திரி ஒன்றையோ பஞ்சுபோன்ற மெல்லிய திரியையோ உள்ளே செருகுவார். மருந்தை அந்தத் திரியில் விட்டால், அது உறிஞ்சி உள்முனைவரை கொண்டுபோகும். ஒன்றிரண்டு நாளில் வீக்கம் வற்றத் தொடங்கியதும் திரியை எடுத்துவிடுவார், அல்லது மாற்றுவார்.

வீட்டில் விடும் முறை இது. புட்டியை ஓரிரு நிமிடம் உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொள்ளுங்கள். சில்லென்ற மருந்து உள்ளே போனால் தலை சுற்றும். வலிக்கிற காது மேலே இருக்கும்படி படுக்க வேண்டும். சொன்ன அளவு, பெரும்பாலும் நான்கு சொட்டு, விட்டபின் முன்பு சொன்ன குருத்து மேட்டை மெதுவாக அமுக்கி அமுக்கி விட்டால் காற்று வெளியேறி மருந்து இறங்கும். பிறகு ஐந்து நிமிடம் அப்படியே. விட்டதும் எழுந்து ஓடினால் மருந்து கழுத்துக்குத்தான் போகும். தனக்குத்தானே விட்டுக்கொள்வதைவிட இன்னொருவர் விடுவது மேல். இரண்டு மூன்று நாளில் வலி தெளிவாகக் குறைய வேண்டும். அதுவரை பாராசிட்டமால் கைகொடுக்கும். வலி போய்விட்டது என்று பாதியில் நிறுத்தாமல் ஏழு நாளாவது விட வேண்டும். அதுவரை கிணறு கிடையாது; குளிக்கும்போது வாஸ்லைன் தடவிய பஞ்சைக் காது வாசலில் மட்டும் வைத்துக்கொண்டு, குளித்ததும் எடுத்துவிட வேண்டும்.

மூன்று நாளாகியும் குறையவில்லை என்றால் மருந்தைக் குறை சொல்லுமுன் காதைத் திரும்பக் காட்டுங்கள். குழாய் அடைத்திருக்கலாம், பூஞ்சையாக இருக்கலாம். பூஞ்சை என்றால் வலியைவிட அரிப்பு தூக்கலாக இருக்கும். உள்ளே நனைந்த காகிதம்போல் வெள்ளைத் திரள், அதன்மேல் கரும்புள்ளிகள். பழைய புட்டியை வாரக்கணக்கில் விட்டுக்கொண்டே இருப்பவர்களுக்கு இது வருவதுண்டு. செவிப்பறையில் ஓட்டை இருப்பவர்களுக்கு நியோமைசின், ஜென்டாமைசின் கலந்த மருந்து உட்காதின் நரம்பைக் கெடுக்கக்கூடும். ஆகவே முன்பு காதில் சீழ் வந்திருந்தால் அதைச் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை நோயுள்ள பெரியவருக்கு ராத்தூக்கத்தைக் கெடுக்கும் காதுவலி நாள்கணக்கில் நீடித்தாலோ, அந்தப் பக்கம் முகம் கோணினாலோ, அது வேறு கதை. தொற்று எலும்புக்குள் இறங்குகிறது என்று பொருள். அதற்கு ஆஸ்பத்திரியில் சேர வேண்டியிருக்கும். அங்கே ஒரு மணி நேரம்கூட வீணாக்கத் தக்கதல்ல.

திரும்ப வராமல் இருக்க, கரையேறியதும் தலையைச் சாய்த்து, மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் உள்ளே நின்ற தண்ணீர் வடியும். ஹேர் டிரையர் இருந்தால் மிகக் குறைந்த சூட்டில், ஒரு அடி தள்ளிப் பிடிக்கலாம். அடிக்கடி வருபவர்களுக்கு டாக்டர்கள் சொல்வது, வெள்ளை வினிகரும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் சரிபாதி கலந்து, நீந்தி முடித்தபின் சில சொட்டு. வினிகரில் நான்கு ஐந்து சதவீதம் இருக்கும் அமிலம் பாதியாகி, காது தாங்கும் அளவுக்கு வந்துவிடும். ஆல்கஹால் ஈரத்தை ஆற்றிவிடும். இது வருமுன் விடுவதற்கு. வலி வந்த காதிலும், ஓட்டையோ குழலோ உள்ள காதிலும் விட்டால் பையன் அலறிவிடுவான்.