நாள் வாடகை 350: ஒரு பிரேக்கர் மிஷினின் கணக்கு

கட்டடச் சாமான்களை வாடகைக்கு விடும் கடை ஒன்றைப் புதிதாகத் தொடங்குகிறவர் பெரும்பாலும் இப்படித்தான் கணக்குப் போடுவார்: பிரேக்கர் மிஷின் 36,000 ரூபாய், நாள் வாடகை 350, நூற்று மூன்று நாள் ஓடினால் போட்ட முதல் கைக்கு வந்துவிடும், அதற்குப் பிறகு வருவதெல்லாம் லாபம். கேட்கும்போது சரியாகத்தான் படுகிறது. ஆனால் நூற்று மூன்றாம் நாள் அந்த மிஷின் புது மிஷினாக இருப்பதில்லை. அதன் ஆயுளில் கால் பங்குக்கும் மேல் அதற்குள் கரைந்திருக்கும். வந்த காசை லாபமென்று செலவழித்துவிட்டால், மிஷின் ஓய்ந்துபோகும்போது இன்னொன்று வாங்கக் கையில் எதுவும் மிஞ்சாது. ஊருக்கு ஊர் இப்படி மூடிய கடைகள் உண்டு. கல்லாவில் தினமும் பணம் விழுந்துகொண்டே இருந்ததால் அவர்களுக்குக் கடைசிவரை விஷயம் தெரியவில்லை.

ஒரே ஒரு மிஷினை எடுத்துக்கொண்டு கணக்கை முழுவதுமாகப் போட்டுப் பார்ப்போம். பத்துப் பதினோரு கிலோ எடையுள்ள, கரண்டில் ஓடும் பிரேக்கர். பழைய சுவரை இடிக்க, காங்கிரீட் தரையை உடைக்க மேஸ்திரிகள் கேட்டு வருவது இதைத்தான். இங்கே வரும் தொகைகளைக் கணக்கு புரிவதற்காக வைத்திருக்கிறேன். உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொண்டால் முறை அப்படியே பொருந்தும்.

முதலில் தெரிய வேண்டியது, வருடத்தில் எத்தனை நாளுக்குக் காசு வந்தது என்பது. மிஷின் கடையில் இல்லாத நாட்களை எண்ணினால் ஏமாந்துபோவோம். சனிக்கிழமை மாலை எடுத்துப்போய்த் திங்கள் காலை கொண்டுவந்து ஒரு நாள் வாடகை கொடுத்தால், மிஷின் இரண்டு இரவு வெளியே இருந்திருக்கும், காசு வந்தது ஒரு நாளுக்குத்தான். பழுதாகி சர்வீஸ் கடையில் கிடந்த நாட்களும் வெளியே இருந்த நாட்களே. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை நின்ற நாட்களையும், பொங்கலுக்கு ஆட்கள் ஊருக்குப் போன வாரத்தையும் சேர்த்துப் பன்னிரண்டு மாதத்துக்கும் எண்ண வேண்டும். மாசி, பங்குனி மும்முரத்தை மட்டும் பார்த்து விலை வைத்தால் மழைக்காலத்தில் கை கடிக்கும். நம் பிரேக்கருக்கு வருடத்தில் 120 நாள் காசு வந்தது என்று கொள்வோம். முந்நூறு வேலை நாட்களில் நாற்பது சதவீதம். ஒருமுறை எடுத்தால் சராசரியாக ஒன்றரை நாள் வைத்துக்கொள்கிறார்கள். ஆக, வருடத்துக்கு எண்பது முறை வெளியே போகிறது.

அடுத்தது தேய்மானம். வருமான வரிக் கணக்கில் ஆடிட்டர் இயந்திரங்களுக்குப் பொதுவாக வருடம் 15 சதவீதம் கழிப்பார். அந்த எண்ணை எடுத்து வாடகைக்குப் பயன்படுத்தினால் பெரிய பள்ளத்தில் விழுவோம். அந்தக் கணக்கின்படி மூன்று வருடம் கழித்தும் நம் பிரேக்கரின் மதிப்பு 22,000 ரூபாய்க்கு மேல் நிற்கும். உண்மையில் மூன்று வருடம் காங்கிரீட் உடைத்த மிஷினை 6,000 கொடுத்து எடுத்துக்கொள்ள ஆள் கிடைத்தாலே பெரிது. வரிக்கு ஒரு கணக்கு, வாடகைக்கு ஒரு கணக்கு என்று தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். நம் மிஷின் 360 வாடகை நாள் உழைக்கும், அதாவது மூன்று வருடம், கடைசியில் 6,000-க்கு விற்கலாம் என்றால், கரைகிற தொகை 30,000. நாளுக்கு 83 ரூபாய்.

இனி மற்றச் செலவுகள். விலையில் பாதிக்கு மேல் எப்போதும் மிஷினில் முடங்கிக் கிடப்பதால், சராசரி 21,000 ரூபாய்க்கு 12 சதவீத வட்டி வருடம் 2,520. கார்பன் பிரஷ், கிரீஸ், சீல், உளி தீட்டுவது எல்லாம் நாளுக்கு 50 என்று 6,000. கடை வாடகையிலும் ஆள் சம்பளத்திலும் இந்த மிஷினின் பங்கு 4,000. ஒவ்வொரு முறையும் ஓட்டிக் காட்டிக் கொடுப்பது, திரும்பி வந்ததும் துடைத்துச் சோதிப்பது, எழுதி வைப்பது ஆகியவற்றுக்கு முறைக்கு 50 வீதம் 4,000. உடைசலுக்கும் தொலைந்துபோவதற்கும் 5,750. இந்தக் கடைசித் தொகை எப்படி வந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். தேய்மானத்தையும் சேர்த்தால் வருடத்துக்கு 32,270 ரூபாய். 120 நாளால் வகுத்தால், நாளுக்கு 269. பலகையில் 350 என்று எழுதினால் நாளுக்கு 81 ரூபாய் நிற்கும். லாபம் அவ்வளவுதான்.

சரி, வேலை குறைந்து 60 நாள்தான் ஓடியது என்றால்? அடக்கச் செலவு இரண்டு மடங்காகிவிடும் என்று தோன்றும். அப்படி ஆகாது. மிஷின் பாதி உழைத்தால் தேய்மானமும் சர்வீஸும் உடைசலும் குறையும். வட்டியும் கடைப் பங்கும் மட்டும் குறையாது. ஆயுள் ஆறு வருடமாக நீளும் என்றும் கொள்ள முடியாது. ஓடாவிட்டாலும் சீல் இறுகும், உதிரிபாகம் கிடைப்பது அரிதாகும். ஐந்து வருடம் என்று வைத்தால் நாள் அடக்கம் 340 வரும். 350 வாடகையில் பத்து ரூபாய் மிஞ்சும். நஷ்டமில்லை, ஆனால் அந்த மிஷினுக்காகக் கடை திறந்து உட்கார்ந்திருப்பதில் பலனும் இல்லை.

இப்போது கடைக்காரர் தினமும் கேட்கும் பேச்சுக்கு வருவோம். “அண்ணே, அடுத்த தெருவுல 250 தான் வாங்குறாங்க.” இதற்குப் பதில் சொல்ல 269 என்ற எண் மட்டும் போதாது. இன்னொரு எண்ணும் வேண்டும். மிஷின் வெளியே போனால் மட்டும் ஏற்படுகிற செலவைத் தனியாகப் பிரியுங்கள்: தேய்மானம் 83, சர்வீஸ் 50, உடைசல் 48, கொடுத்து வாங்கும் வேலை 33. மொத்தம் 214. மழைக்காலத்தில் சும்மா கிடக்கிற மிஷினை 250-க்குக் கொடுத்தால் 214 போக 36 ரூபாய் வட்டிக்கும் கடை வாடகைக்கும் உதவும். கொடுக்கலாம். வருடம் முழுக்க 250-க்குக் கொடுத்தால் நாளுக்கு 19 ரூபாய் கையை விட்டுப் போகும். 214-க்குக் கீழே போனால், மிஷினை அலமாரியிலேயே வைத்திருப்பது மேல். அடுத்த தெருக்காரருக்கு இந்த இரண்டு எண்களும் தெரியுமா என்பது வேறு விஷயம். அவருடைய பலகையைப் பார்த்து நாம் விலை எழுதினால், அவர் போடாத கணக்கை நாமும் போடாமல் விடுகிறோம்.

சென்ட்ரிங் ஷீட்டுக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகும். காங்கிரீட் போட்ட பிறகு ஷீட் ஏழு நாள் கிடந்தாலும் பதினான்கு நாள் கிடந்தாலும் தேய்வதில்லை. கடப்பாரையால் நெம்பிப் பிரிக்கிற அந்த ஒரு நாளில்தான் வளைகிறது, நசுங்குகிறது. எனவே நாள் கூடக்கூட வாடகையைத் தாராளமாகக் குறைக்கலாம். கடையில் அடுக்கி வைப்பதைவிடத் தளத்தடியில் கிடப்பதே அதற்கு லாபம். பிரேக்கர் அப்படியில்லை. ஓடுகிற ஒவ்வொரு மணியும் அதைத் தின்கிறது.

இந்த வேறுபாட்டை மறப்பவர்கள் வார வாடகையில் மாட்டிக்கொள்கிறார்கள். எல்லாச் சாமானுக்கும் ஒரே மாதிரி ‘மூன்று நாள் காசுக்கு ஒரு வாரம்’ என்று வைத்துவிடுவார்கள். பிரேக்கருக்கு அது 1,050 ரூபாய். வாரத்துக்கு எடுப்பவர் யார்? பெரிய இடிப்பு வேலையைப் பிடித்த ஒப்பந்தக்காரர். ஆறு நாளும் காலை முதல் மாலை வரை ஓட்டுவார். தேய்மானம், சர்வீஸ், உடைசல் நாளுக்கு 181 வீதம் 1,086. கொடுத்து வாங்கும் செலவு ஒரே முறை என்பதால் 50. ஆக 1,136. வட்டியையும் கடை வாடகையையும் சேர்க்காமலேயே 86 ரூபாய் நஷ்டம். வாரம் முழுக்க மிஷின் வெளியே ஓடிக்கொண்டிருக்கும் மகிழ்ச்சியில் இது கண்ணில் படாது. நாலரை அல்லது ஐந்து நாள் வாடகைக்குக் குறைந்து பிரேக்கரை வாரத்துக்குக் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

எவ்வளவு ஓட்டினார்கள் என்பதை எப்படி அறிவது? சிறு மிஷின்களில் மணிக்கணக்கு காட்டும் மீட்டர் இருக்காது. கார்பன் பிரஷ் காட்டிக்கொடுக்கும். நீண்ட வாடகைக்குப் போகுமுன் அதன் நீளத்தை அளந்து எழுதி, திரும்பி வந்ததும் அளந்தால் போதும். சில மாதங்களில் ஒரு நாள் சாதாரண வேலைக்கு எவ்வளவு தேயும் என்பது பிடிபட்டுவிடும்.

உடைசல் கணக்குக்கு வருவோம். இதில் மூன்று வகையைக் கலக்கக் கூடாது. பிரஷும் சீலும் உளி முனையும் தேய்வது கடைக்காரர் செலவு. அது வாடகைக்குள் வந்துவிட்டது. மிஷின் தொலைவது இன்னொன்று. நடுவில் இருப்பது முறைகேடான உழைப்பால் வரும் சேதம், பிரேக்கரில் பெரும்பாலும் ஆர்மேச்சர் எரிவது. வயரோடு வயரை முறுக்கி, கம்பத்திலிருந்து வெகுதூரம் மெல்லிய வயரில் கரண்ட் இழுத்தால் வோல்ட்டேஜ் விழும். அந்த நிலையில் பாரம் கொடுத்து ஓட்டினால் மோட்டார் சுற்று குறையும், அதன் விசிறியும் மெதுவாகச் சுற்றும், கம்பிச்சுருள் சூடேறி வார்னிஷ் கருகும். திரும்பி வரும் மிஷினில் அந்தக் கருகல் வாடையும், பிரஷ் உரசும் செம்புப் பட்டைகளில் கறுப்பும், ஓட்டும்போது வளையமாகச் சுற்றும் தீப்பொறியும் இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். உளியைக் கடப்பாரைபோல நெம்பினால் முன்பக்க ஹோல்டர் போகும்.

நம் மிஷினுக்கு எண்பது முறையில் இரண்டு தடவை ஆர்மேச்சர் எரிகிறது, தடவைக்கு 4,000, அதில் பாதி வாடிக்கையாளரிடம் வசூலாகிறது என்று வைத்தேன். கடைக்கு 4,000 செலவு. கடையில் ஆறு பிரேக்கர், இரண்டு வருடத்தில் ஒன்று தொலைகிறது என்றால், மிஷினுக்கு வருடம் 1,750. இரண்டும் சேர்ந்துதான் 5,750. இந்த எண்ணைக் குறைக்கும் வழி வாடகையை ஏற்றுவதில் இல்லை. 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மிஷினோடு சேர்த்தே கொடுப்பது, கொடுக்கும்போது அவர் கண் முன்னே ஒரு நிமிடம் ஓட்டிக் காட்டிப் படமெடுத்து வைப்பது, இந்த இரண்டும் செய்தால் எரிவதும் குறையும், எரிந்தால் யார் பொறுப்பு என்ற சண்டையும் குறையும். முன்பணத்தையும் இங்கிருந்தே நிர்ணயிக்க வேண்டும். 1,000 ரூபாய் முன்பணம் வாங்கிவிட்டு 4,000 ரூபாய் ஆர்மேச்சருக்கு அலைவதில் அர்த்தமில்லை. வழக்கமாக வந்து ஒழுங்காகத் திருப்பித் தரும் மேஸ்திரியிடம் குறைத்து வாங்கலாம், அவர் பெயருக்கு எதிரே இருக்கும் பழைய பதிவுகளே அவருக்குப் பிணை. முதல்முறை வருகிறவரிடம் ஆர்மேச்சர் செலவு முழுவதையும் முன்பணமாகக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். முன்பணம் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம். அதை அன்றைய வரவில் சேர்க்கும் கடையில் எந்தக் கணக்கும் நிற்காது.

இந்த நோட்டில் இன்னொரு பத்தியும் வேண்டும்: மிஷின் இல்லையென்று திருப்பி அனுப்பியவர்கள். ஆறு பிரேக்கரும் பெரும்பாலான நாட்கள் வெளியே இருந்து, வாரத்துக்கு நாலைந்து பேரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தால், வாடகை மிகக் குறைவாக இருக்கிறது என்று பொருள். 380 என்று எழுதிப் பார்க்கலாம். அப்போதும் கூட்டம் குறையவில்லையென்றால் ஏழாவது மிஷின் வாங்கலாம். வாங்குமுன், ஆறின் சராசரியைப் பார்க்கக் கூடாது. ஆறாவது மிஷின் தனியாக எத்தனை நாள் காசு கொண்டுவந்தது என்று பார்க்க வேண்டும். மற்ற ஐந்தும் வெளியே போன பிறகுதான் அதற்கு வேலை வரும். சராசரி 120 என்று காட்டும் கடையில் ஆறாவது 50 நாளில் நின்றிருக்கலாம். அப்படியென்றால் ஏழாவதை வாங்குவதற்குப் பதில் ஆறாவதை, இன்னும் நல்ல விலை கிடைக்கும்போதே விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் தினமும் இரண்டு பேர் கேட்டுத் திரும்பும் வைப்ரேட்டரை வாங்குவது சரி.