ஒரு வீடு, ஒரு பிள்ளை, இரண்டு பத்திரங்கள்

கேரளத்தில் ஒரு தந்தை 1985இல் தன் சொத்தை மகளுக்கு எழுதிப் பதிவு செய்தார். உயிரோடு இருக்கும்வரை தானே அனுபவிப்பேன் என்றும் அதே பத்திரத்தில் எழுதியிருந்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1993இல், மனம் மாறியது. மகளுக்கு எழுதியதை ரத்து செய்வதாக ஒரு பத்திரம் போட்டுவிட்டு, அதே சொத்தை மகனுக்குக் கிரயம் செய்து கொடுத்தார். மகள் வழக்குப் போட்டார். முதலில் எழுதப்பட்டது உயிலா, தானமா என்பதுதான் கேள்வி. உயில் என்றால் அப்பா மாற்றியது செல்லும். தானம் என்றால் செல்லாது. உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில்தான் இறுதி விடை சொன்னது. அது தானம்தான், ரத்து செல்லாது, சொத்து மகளுடையது.

பத்திரத்துக்கு என்ன தலைப்பு என்று நீதிமன்றம் பார்ப்பதில்லை. உரிமை எப்போது கைமாறியது என்று பார்க்கிறது. எழுதிய அன்றே உரிமை போய்விட்டால் தானம். எழுதியவர் இறந்த பிறகுதான் போகும் என்றால் உயில். அனுபவத்தை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டு உரிமையை அன்றே கொடுத்துவிட முடியும். அந்தக் கேரளத் தந்தை செய்தது அதைத்தான்.

தமிழ்நாட்டில் பெற்றோர் பிள்ளைக்கு வீட்டை எழுதும்போது 'தானப் பத்திரம்' என்று யாரும் கேட்பது அரிது. 'செட்டில்மெண்ட் போடணும்' என்றுதான் பத்திர எழுத்தரிடம் போவார்கள். குடும்பத்துக்குள் எழுதப்படும் தான செட்டில்மெண்டுக்கு அரசு தரும் சலுகை அதற்குப் பெரிய காரணம். முத்திரைத் தீர்வை மதிப்பில் 1 சதவீதம், ஆனால் உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். 2023 ஜூலையில் உயர்த்தப்பட்ட வரம்புகள் இவை.

மதுரையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மனையும் கட்டடமும் சேர்த்து அரசுக் கணக்கில் 60 லட்சம். அப்பாவுக்கு 72 வயது, அம்மாவுக்கு 66. இரண்டு மகள்கள், ஒரு மகன். மூத்த மகள்தான் பெற்றோருடன் இருக்கிறார். மற்ற இருவருக்கும் கல்யாணச் செலவு, தொழில் முதலீடு என்று ஏற்கெனவே செய்தாகிவிட்டது. வீடு மூத்தவளுக்கு என்பது அப்பாவின் முடிவு. வீடு அவர் சம்பாத்தியம், பத்திரம் அவர் பெயரில். ஆகவே யாருக்குக் கொடுக்கவும் அவருக்கு உரிமை உண்டு. (பாட்டனார் வழி வந்த கூட்டுக்குடும்பச் சொத்தாக இருந்தால் தன் பங்கைத் தாண்டி அவரால் எழுத முடியாது, அது தனிக் கதை.)

செட்டில்மெண்ட் போட்டால் செலவு 50,000 ரூபாயோடு முடியும், எழுத்துக்கூலி தனி. அப்பா கையெழுத்திட்டு, இரண்டு பேர் சாட்சி போட்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டாயம் பதிய வேண்டும். மகள் அதை அப்பா உயிரோடு இருக்கும்போதே ஏற்றுக்கொள்ள வேண்டும். வில்லங்கச் சான்று போட்டால் இந்தப் பரிமாற்றம் தெரியும். பட்டாவை மகள் பெயருக்கு மாற்றலாம். அப்பா இறந்த மறுநாள் தம்பியும் தங்கையும் வந்து நின்றாலும், 'அப்பா சொத்தில் பங்கு' என்ற பேச்சுக்கே இடமில்லை. அன்றைக்கு அது அப்பாவின் சொத்தாகவே இருக்காது.

உயில் என்றால் முத்திரைத் தீர்வை இல்லை. பதிவும் கட்டாயமில்லை, வெள்ளைத் தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டால் போதும், அவர்களும் அவர் கண்முன் கையெழுத்திட வேண்டும். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். பதிவு செய்த உயிலைக்கூட, பின்னால் எழுதிய பதிவு செய்யாத உயில் தள்ளிவிடும். கடைசியாக எழுதியதுதான் செல்லும். வீடு கடைசி மூச்சுவரை அப்பாவுடையது. விற்கலாம், அடமானம் வைக்கலாம், மகளோடு சண்டை வந்தால் பேத்தி பெயருக்கு மாற்றி எழுதலாம்.

இவ்வளவு சுதந்திரம் எழுதுகிறவருக்கு. சிக்கல் முழுவதும் வாங்குகிறவருக்கு.

பதிவு செய்த உயில் சார்பதிவாளர் அலுவலகத்தில் மூன்றாம் புத்தகத்தில் ஏறும். வீட்டு மனைப் பரிமாற்றங்கள் ஏறுவது முதலாம் புத்தகத்தில். வில்லங்கச் சான்று முதலாம் புத்தகத்தை வைத்துத் தருவதால், உயில் அதில் வராது. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரையோ அவருடைய முகவரையோ தவிர யாருக்கும் நகல் தரவும் மாட்டார்கள். ரகசியத்துக்கு நல்லதுதான். ஆனால் அப்பா இறந்தபின் ஒரு நாள் மகள் உயிலை எடுத்து நீட்டும்போது, தம்பிக்கும் தங்கைக்கும் அதுதான் முதல் செய்தியாக இருக்கும். பட்டா மாற்றத்துக்கு வட்டாட்சியர் அலுவலகம் போனால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, உயில் எல்லாம் கேட்பார்கள். வாரிசுகளில் ஒருவர் எழுத்தில் ஆட்சேபித்தால், 'சிவில் கோர்ட்டில் தீர்த்துக்கொண்டு வாருங்கள்' என்ற பதில்தான் பெரும்பாலும் வரும்.

அங்கே போனால் உயிலை மெய்ப்பிக்கும் பொறுப்பு மகள் தலையில். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவராவது உயிரோடு இருந்து, வரக்கூடிய நிலையில் இருந்தால், அவரைக் கூண்டில் ஏற்றியே தீர வேண்டும். உயில் பதிவாகியிருந்தாலும் இந்த விதி உண்டு. செட்டில்மெண்டுக்கு இந்தக் கெடுபிடி இல்லை. அப்பா எழுதவே இல்லை என்று எதிராளி குறிப்பாக மறுத்தால் மட்டுமே சாட்சியைத் தேட வேண்டும். 72 வயதுக்காரர் தன் 75 வயது நண்பரைச் சாட்சியாக அழைத்துப்போவது நம் ஊர் வழக்கம். உயிலைப் பொறுத்தவரை அது மோசமான தேர்வு. நாற்பது வயதுக்குள், ஊரிலேயே இருக்கும், வீட்டில் பங்கில்லாத இரண்டு பேர் வேண்டும்.

ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுக்கும் உயிலை நீதிமன்றம் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் சூழ்நிலைகளும் உண்டு. பயன்பெறும் மகளே வக்கீலைப் பிடித்தார், அவரே வண்டியில் அழைத்துப்போனார், மற்ற பிள்ளைகளைப் பற்றி உயிலில் ஒரு வரியும் இல்லை என்றால் கேள்வி எழும். சந்தேகமான சூழ்நிலைகளை விளக்குவது உயிலை நம்பி வருகிறவரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1959லேயே சொல்லிவிட்டது. மகனுக்குத் தொழிலுக்கு இவ்வளவு கொடுத்தேன், இளைய மகளுக்கு நகையும் சீரும் செய்தேன், அதனால் வீடு மூத்தவளுக்கு என்று காரணத்தோடு எழுதிய உயில் தாக்குப்பிடிக்கும்.

அப்படியானால் செட்டில்மெண்டே மேல் என்று தோன்றும். பிள்ளைக்கு மேல்தான். பெற்றோருக்கு?

நாகப்பட்டினத்தில் 87 வயது மூதாட்டி ஒருவரின் வழக்கு, 2025இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் முடிவானது. மகள்கள் இருந்தும் அவர் வீட்டை ஒரே மகனுக்கு செட்டில்மெண்ட் எழுதினார், மகனும் மருமகளும் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில். பிறகு மகன் இறந்துவிட்டார், மருமகள் கவனிக்கவில்லை என்று மூதாட்டி வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தார். கோட்டாட்சியர் செட்டில்மெண்டை ரத்து செய்தார். மருமகள் மேல்முறையீடு செய்தும் உயர் நீதிமன்றம் அந்த ரத்தை உறுதி செய்தது.

கோட்டாட்சியருக்கு அந்த அதிகாரம் 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவிலிருந்து வருகிறது. 60 வயதைக் கடந்தவர், தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக்கொடுத்து, பிள்ளை அதைச் செய்யவில்லை என்றால் பரிமாற்றத்தைச் செல்லாது என்று அறிவிக்கலாம். சிக்கல் 'நிபந்தனையோடு' என்பதில் இருக்கிறது. பத்திரத்தில் அந்த நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவரின் வழக்கில் அதே நீதிமன்றம் இந்தச் சட்டத்தைத் தாராளமாகப் படிக்க வேண்டும் என்று கூறி, மகனுக்கு எழுதிய தானத்தை ரத்து செய்தது. நாகப்பட்டினம் வழக்கில் உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், அன்பும் பாசமுமே மறைமுகமான நிபந்தனை என்றது. காற்று பெற்றோர் பக்கம் வீசுகிறது. ஆனாலும், இரண்டு வரி எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயத்தை நீதிபதிகளின் மனநிலைக்கு விடுவதில் அர்த்தமில்லை.

பத்திர எழுத்தரிடம் இருக்கும் மாதிரிப் பத்திரத்தில் அந்த இரண்டு வரி பெரும்பாலும் இருக்காது. 'இந்த செட்டில்மெண்டை எக்காலத்திலும் ரத்து செய்ய எனக்கு அதிகாரம் இல்லை' என்ற வரி மட்டும் தவறாமல் இருக்கும். வழக்கமான வாசகம்தானே என்று படிக்காமல் கையெழுத்திடுகிறார்கள். அந்த வரி இல்லாவிட்டாலும், பிள்ளையின் சம்மதமில்லாமல் அப்பா தனியாகப் போய் ரத்துப் பத்திரம் பதிந்து வீட்டைத் திருப்பி எடுக்க முடியாது. கேரளத் தந்தைக்கு நேர்ந்ததுதான் நேரும்.

மதுரை அப்பாவுக்கு இரண்டு வழி இருக்கிறது. மகளை முழுதாக நம்புகிறார், தன் காலத்துக்குப் பிறகு மற்ற இருவரும் வழக்குப் போடுவார்கள் என்று பயப்படுகிறார் என்றால், செட்டில்மெண்ட். அதில் இரண்டு விஷயம் விடக் கூடாது. ஒன்று, ஆயுள்கால அனுபவ உரிமை. 'நானும் என் மனைவியும் எங்களில் கடைசியாக இருப்பவரின் ஆயுள் முடியும்வரை இந்த வீட்டில் குடியிருந்து, வாடகை வந்தால் அனுபவித்து வருவோம்' என்று இருவர் பெயரையும் சேர்க்க வேண்டும். அப்பா பெயரை மட்டும் எழுதிவிட்டு, அவர் போனபின் அம்மா மகளின் தயவில் நிற்கும் பத்திரங்கள் ஏராளம். மற்றொன்று, உணவு, மருத்துவம், பராமரிப்பு ஆகியவற்றை மகள் பார்க்க வேண்டும், தவறினால் 23ஆம் பிரிவின்படி ரத்துக் கோரலாம் என்ற நிபந்தனை. இப்படி அனுபவ உரிமையை வைத்துக்கொள்வதால் தானம் கெட்டுப்போகாது என்று உச்ச நீதிமன்றம் 2014லேயே தெளிவாக்கியிருக்கிறது.

எழுதும்போது ஒரு வார்த்தைப் பொறி இருக்கிறது. 'என் காலத்துக்குப் பிறகு நீ இந்த வீட்டை அடைந்துகொள்ள வேண்டியது' என்று எழுதினால், மேலே செட்டில்மெண்ட் என்று போட்டிருந்தாலும் அது உயிலாகவே படிக்கப்படலாம். 'இன்றே உரிமையை உனக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன். அனுபவத்தை மட்டும் எங்கள் ஆயுள்வரை வைத்துக்கொள்கிறோம்' என்று இருக்க வேண்டும்.

யாரிடம் எப்படி இருப்பார்கள் என்று இன்னும் தெரியவில்லை, மருத்துவச் செலவுக்கு வீட்டை விற்க வேண்டி வரலாம் என்று அப்பா நினைத்தால், உயில்தான் சரி. செட்டில்மெண்ட் எழுதிவிட்டால், மகள் தனக்கு முன்பே இறந்துபோகும் கஷ்டமும் வரலாம். அப்போது வீடு மகளின் வாரிசுகளுக்குப் போகும், மருமகனும் பேரப்பிள்ளைகளும் உரிமையாளர்கள். மகளுக்குக் கடன் இருந்தால் கடன்காரர்கள் வீட்டின் மேல் கண் வைக்கலாம். உயிலில் இந்தப் பயம் இல்லை.

இங்கே சொன்னது இந்துக்களுக்கும், பெரும்பகுதி கிறிஸ்தவர்களுக்கும் பொருந்தும். இஸ்லாமியருக்கு விதி வேறு. உயிலில் சொத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்க முடியாது. வாரிசான ஒரு பிள்ளைக்கு மட்டும் எழுதினால் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். அதனால் ஒரு பிள்ளைக்கு வீட்டைக் கொடுக்க விரும்பும் இஸ்லாமியப் பெற்றோர் பலர் ஹிபா என்னும் தானத்தை நாடுகிறார்கள். அங்கே வீட்டின் சுவாதீனத்தையும் ஒப்படைத்தாக வேண்டும் என்பது முக்கியமான வேறுபாடு.

உயில் எழுதுவது என்று முடிவானால், கட்டாயமில்லை என்றாலும் பதிவு செய்வது நல்லது. கையெழுத்தே அப்பாவுடையது இல்லை என்ற வாதம் அடிபடும். நடை தளர்ந்தவர் என்றால், அன்றைக்கு அவர் தெளிவாக இருந்தார் என்று மருத்துவர் ஒருவரின் சான்றையும் கூட வைக்கலாம். யாருக்கும் தெரியாமல் இருக்க வேண்டும் என்று நினைப்பவர், உறையில் போட்டு முத்திரையிட்டு மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கவும் சட்டத்தில் இடமுண்டு. அவர் இறந்தபின் விண்ணப்பித்தால், விண்ணப்பித்தவர் முன்னிலையில் உறையைத் திறந்து மூன்றாம் புத்தகத்தில் நகல் எடுத்து வைப்பார்கள்.