பதினான்கு லட்சம் ஆறு லட்சமான கதை

வாடிக்கையாளர் விவரம், அவரிடம் பேசியது, அடுத்துச் செய்ய வேண்டியது ஆகியவற்றை ஒரே இடத்தில் பதிந்து வைக்கும் மென்பொருள்தான் சி.ஆர்.எம். அடுத்த மாதம் எவ்வளவு விற்பனை வரும் என்ற மதிப்பீட்டையும் அதிலிருந்தே எடுக்கிறார்கள். ஒவ்வொரு டீலின் தொகையையும் அது கைகூடும் வாய்ப்பால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் மதிப்பீடு வந்துவிடும்.

கோவையில் சோலார் பேனல் பொருத்தித் தரும் ஒரு நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். திரையில் நான்கு டீல்கள் தெரிகின்றன. ஒரு பள்ளிக்கு 10 லட்சம் ரூபாய்க்குக் கொட்டேஷன் போயிருக்கிறது. இரண்டு வீடுகளுக்குத் தலா 6 லட்சத்துக்குப் போயிருக்கிறது. கொட்டேஷன் கட்டத்துக்கு அந்த நிறுவனம் வைத்திருக்கும் வாய்ப்பு 50 சதவீதம். நான்காவது, ஒரு கடைக்காரர் 4 லட்சத்துக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறார். அதற்கு 75 சதவீதம். கணக்குப் போட்டால் 5, 3, 3, 3 என மொத்தம் 14 லட்சம்.

பதிவுகளைத் திறந்து பார்த்தால் கதை வேறு. இரண்டு வீடுகளும் உண்மையில் ஒரே வீடு. கண்காட்சியில் ஒருவர் எண்ணை +91 சேர்த்துப் பதிந்திருக்கிறார். இணையதள விசாரணையைப் பார்த்த இன்னொருவர் முன்னால் சுழியம் போட்டுப் பதிந்திருக்கிறார். மென்பொருள் இரண்டையும் வெவ்வேறு ஆட்களாக எடுத்துக்கொண்டது. எண்களை எல்லாரும் ஒரே வடிவத்தில் பதிந்திருந்தால் இரண்டாவது பதிவின்போதே தெரிந்திருக்கும்.

பள்ளி டீலில் முடியும் தேதி மூன்று முறை தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. கடைசியாகப் பேசி இரண்டு மாதம் ஆகிறது. அடுத்து யார், என்றைக்குக் கூப்பிட வேண்டும் என்ற கட்டம் காலி. போன் போட்டதும், “வேற இடத்துல ஆர்டர் கொடுத்துட்டோம் சார்” என்கிறார்கள். 10 லட்சம் ரூபாய் வேலை கைநழுவியது இந்தக் காலிக் கட்டத்தால்தான். இரண்டையும் கழித்தால் மதிப்பீடு 6 லட்சம்.

எனவே வாரம் ஒருமுறை, திறந்திருக்கும் டீல்களில் அடுத்த ஃபாலோ-அப் தேதி இல்லாதவற்றையும், தேதி கடந்துவிட்டவற்றையும் வடிகட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அன்றைக்கே ஒரு முடிவு வேண்டும்: வாடிக்கையாளரிடம் பேசிப் புதுத் தேதி போடுவது, அல்லது காரணத்தை எழுதி ‘இழந்தது’ என்று மூடுவது. பேசாமலே தேதியை மட்டும் தள்ளிவைப்பதை அனுமதிக்கவே கூடாது. இழந்ததை மூடிய விற்பனையாளரைக் கடிந்துகொள்ளும் மேலாளருக்கு, செத்த டீல்களும் உயிரோடு இருப்பதாகவே கணக்கு வரும்.

சுத்தமான பதிவுக்கும் ஓர் எல்லை உண்டு. கடைக்காரரிடமிருந்து 4 லட்சம் வரும், இல்லையேல் ஒன்றும் வராது. 3 லட்சம் வரப்போவதில்லை. டீல்கள் நிறைய இருக்கும்போதுதான் இந்தச் சராசரி ஓரளவு பொருந்தும். அந்த 50, 75 சதவீதங்களும் நிறுவனத்தின் பழைய வெற்றி தோல்விகளிலிருந்து எடுத்தவையாக இருக்க வேண்டும். தோற்றவற்றை ஒழுங்காக மூடி வைத்திருந்தால்தான் அந்தக் கணக்கையே எடுக்க முடியும்.