ராக்கி அட்டைக்கு எட்டு வரி

ஆவணி அவிட்டத்தன்று நம் வீடுகளில் பூணூல் மாற்றும் நேரத்தில், வட இந்திய வீடுகளில் தங்கை அண்ணனுக்கு ராக்கி கட்டிக்கொண்டிருப்பாள். இரண்டும் ஒரே பௌர்ணமியையொட்டி வருபவை. தங்கை வெளியூரில் இருந்தால் தபால் உறையில் ராக்கியோடு பொட்டலத்தில் குங்குமமும் அரிசியும் வரும். பல உறைகளில் ஒரு சின்ன அட்டையும் இருக்கும். கடையில் விற்கும் அட்டையில் 'என்னைக் காப்பாய்' என்று யாருக்கும் பொருந்தும் நாலு வரி அச்சாகியிருக்கும். அதைவிட, சொந்தக் கையால் எழுதிய ஒரு பழைய சண்டை எவ்வளவோ மேல்.

எந்தச் சண்டை? டெல்லியில் வளர்ந்தவர்களுக்கு யோசிக்கவே வேண்டாம். ஆகஸ்டில் மொட்டைமாடிகளில் பட்டம் பறக்கும். பட்டம் விடுவது அண்ணன். நூல் சுற்றிய சர்க்கியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பது தங்கை. இதை வைத்து நான் எழுதிப் பார்த்தது:

தங்கை:
மொட்டைமாடி வெயிலில் நின்றேன், சர்க்கி என் கையில்;
பட்டம் மட்டும் உன் வசத்தில், பறந்தது வானில்.
"ஒரு தரம் கொடு" என்றேன், நீ திரும்பவே இல்லை;
அறுந்து விழுந்ததும் சொன்னாய்: "எல்லாம் உன் தொல்லை!"

அண்ணன்:
அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடியவள் யார்?
அடி வாங்கி நின்றவனின் முதுகைக் கொஞ்சம் பார்!

தங்கை:
பழைய கணக்கு போகட்டும், மணிக்கட்டை நீட்டு;
இன்று நூல் என் கையில், அசையாமல் காட்டு.

ஒரே ஒரு சண்டைதான். ரிமோட், ஜன்னல் சீட்டு, கடைசி ஜிலேபி என்று அடுக்கினால் எதுவும் மனதில் நிற்காது. அண்ணனுக்கும் இரண்டு வரி தரவேண்டும். இல்லாவிட்டால் அது கவிதையல்ல, புகார் மனு. முடிவில் மன்னிப்பு, பாசம் என்று உருகவும் வேண்டாம். அன்று கிடைக்காத நூல் இன்று தங்கை கைக்கு வந்துவிட்டது. ஜெயித்தது அவள்தான் என்பது அண்ணனுக்குப் புரியும்.

எல்லாச் சண்டையும் அட்டைக்கு ஆகாது. நிறம், பருமன், பரீட்சை மார்க், 'அம்மாவுக்கு உன்னைத்தான் பிடிக்கும்' போன்றவை வயதானாலும் ஆறுவதில்லை. அண்ணன் தானே நாலு பேரிடம் சிரித்துச் சொல்லும் கதையா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் விட்டுவிடுங்கள். தங்கை வரமுடியாத வீட்டில் அத்தை மகளோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ ராக்கியைக் கட்டி, அட்டையை எல்லார் முன்னும் உரக்கப் படிப்பதுண்டு.

இன்னொன்று, இது மழைக்காலத் தபால். இதற்கென்றே அஞ்சலகத்தில் தண்ணீர் புகாத ராக்கி உறை விற்கிறார்கள். அதை வாங்குங்கள், பால்பாயிண்ட் பேனாவால் எழுதுங்கள், ஒரு வாரம் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள்.