இரட்டை டிரான்சிஸ்டர் காட்டும் பிம்பம்

ஒரு டிரான்சிஸ்டரில் ஓடும் மின்னோட்டத்தை இன்னொன்றில் அப்படியே படியெடுக்கும் சுற்றை ‘கரண்ட் மிரர்’ என்பார்கள். பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே உள்ள வோல்டேஜ்தான் டிரான்சிஸ்டரில் எவ்வளவு மின்னோட்டம் ஓட வேண்டும் என்று முடிவு செய்கிறது. அது வெறும் 18 மில்லிவோல்ட் கூடினால் மின்னோட்டம் இரட்டிப்பாகிவிடும். அதனால் ஒரே அச்சில் வார்த்த இரண்டு டிரான்சிஸ்டர்களின் பேஸையும் எமிட்டரையும் இணைத்துவிட்டால், இரண்டும் ஒரே அளவு மின்னோட்டத்தை எடுக்கும்.

ஒரு சுற்றைக் கணக்கிட்டுப் பார்ப்போம். சப்ளை 12 வோல்ட். முதல் டிரான்சிஸ்டரின் கலெக்டரை அதன் பேஸோடு சேர்த்து, 11.3 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியே சப்ளையில் இணைக்கிறோம். டிரான்சிஸ்டரில் 0.7 வோல்ட் போக, ரெசிஸ்டருக்குக் கிடைப்பது 11.3 வோல்ட். ஆக, அதில் ஓடுவது 1 மில்லி ஆம்பியர்.

இரண்டாவதிலும் அதே 1 மில்லி ஆம்பியர் வருமா? கொஞ்சம் குறையும். இரண்டு பேஸ்களுக்கும் தேவையான மின்னோட்டம் அந்த ஒரு மில்லி ஆம்பியரிலிருந்தே போகிறது. டிரான்சிஸ்டரின் பெருக்கம் (β) 100 என்றால்:

I_out = I_ref / (1 + 2/β) = 1 / 1.02 ≈ 0.98 mA

இந்த 0.98 சரியாக இருப்பது, இரண்டு கலெக்டர்களும் 0.7 வோல்ட்டில் நிற்கும்போது மட்டுமே. சப்ளைக்கும் இரண்டாவது கலெக்டருக்கும் இடையே 1 கிலோ ஓம் லோடு வைத்தால், லோடில் சுமார் 1 வோல்ட்தான் விழும். மீதி 11 வோல்ட்டும் டிரான்சிஸ்டர் மேல் நிற்கும். கலெக்டர் வோல்டேஜ் ஏறும்போது பேஸ் பகுதியின் பயனுள்ள அகலம் சுருங்குவதால் மின்னோட்டம் சற்றே கூடுகிறது. இதுதான் ‘எர்லி விளைவு’. அதை அளக்கும் எர்லி வோல்டேஜ் 100 என்று கொண்டால், ஒவ்வொரு 10 வோல்ட்டுக்கும் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். அப்போது 0.98 இருந்த இடத்தில் சுமார் 1.08 மில்லி ஆம்பியர் ஓடும். லோடை 10 கிலோ ஓமாக்கினால் கலெக்டர் 2 வோல்ட் அளவுக்கு இறங்கி, மின்னோட்டம் 0.99 ஆகும்.

15 கிலோ ஓம் வைத்தால் கதை மாறிவிடும். 0.98 மில்லி ஆம்பியர் ஓட லோடுக்கே 14.7 வோல்ட் வேண்டும். சப்ளையிலோ 12தான் இருக்கிறது. கலெக்டர் 0.2 வோல்ட்டுக்கு இறங்கி டிரான்சிஸ்டர் சாச்சுரேஷனில் போய்விடும்; மின்னோட்டம் 0.79 மில்லி ஆம்பியராகச் சரியும். எனவே மின்னோட்டம் குறைந்தால் முதலில் கலெக்டரில் மீட்டரை வையுங்கள். 0.2 வோல்ட் காட்டினால் குறை டிரான்சிஸ்டரில் இல்லை, லோடில்தான்.

மின்னோட்டம் கூடுதலாக இருந்தால் வெப்பத்தைச் சந்தேகியுங்கள். தனித்தனி டிரான்சிஸ்டர்களால் செய்த சுற்றில் இரண்டாவதை விரலால் பிடித்துப் பாருங்கள், மீட்டர் ஏறும். ஒரு டிகிரி வித்தியாசமே மின்னோட்டத்தை சுமார் 8 சதவீதம் மாற்றிவிடும். இரண்டும் ஒரே சில்லில் இருக்கும் CA3046 போன்ற ஐ.சி.யைப் பயன்படுத்துவது இதனால்தான். தனி டிரான்சிஸ்டர்கள்தான் கையில் உண்டென்றால், இரண்டு எமிட்டர்களிலும் 100 ஓம் ரெசிஸ்டர் சேருங்கள். மின்னோட்டம் கூட முயன்றால் ரெசிஸ்டரில் விழும் வோல்டேஜும் கூடி அதை இழுத்துப் பிடிக்கும். லோடு வோல்டேஜால் வரும் மாற்றமும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகும். பதிலுக்கு, கலெக்டருக்குக் கூடுதலாக 0.1 வோல்ட் விட்டுவைக்க வேண்டும்.