கணக்கில் காணாமல் போன மூன்று பார்

அணுபுரத்திலிருந்து கடலை நோக்கிப் போனால் கல்பாக்கம். அங்கே சென்னை அணுமின் நிலையத்தை ஒட்டிக் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிறது. அதன் ஒரு பகுதி கடல்நீரைக் கொதிக்கவைத்து ஆவியைக் குளிர்விக்கிறது. நாளொன்றுக்கு 4,500 கன மீட்டர் அதன் திறன். மற்றொரு பகுதி கடல்நீரை மெல்லிய சவ்வின் மேல் அழுத்தி நன்னீரைப் பிழிந்தெடுக்கிறது. அதன் திறன் 1,800 கன மீட்டர். இந்த இரண்டாவது பகுதியில்தான் நம் கதை தொடங்குகிறது.

சவ்வின் ஒரு பக்கம் கடல்நீர், மறுபக்கம் நன்னீர். சும்மா விட்டால் நன்னீர் கடல்நீருக்குள் போய்ச் சேரும். அதைத் தடுத்து நிறுத்தத் தேவைப்படும் அழுத்தமே சவ்வூடு பரவல் அழுத்தம். அதைத் தாண்டி அழுத்தினால்தான் குடிநீர் கிடைக்கும். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதைக் கரைந்திருக்கும் துகள்களின் எண்ணிக்கை சொல்லிவிடும். துகள் எது என்பது முக்கியமில்லை, எத்தனை என்பதே முக்கியம்.

எண்ணிப் பார்ப்போம். வழக்கமான கடல்நீர் ஒரு கிலோவில் 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. அவற்றில் உள்ள சோடியம், குளோரைடு, மெக்னீசியம், சல்பேட், கால்சியம், பொட்டாசியம் அயனிகளைக் கூட்டினால் சுமார் 1.12 மோல் வரும். அதே கணக்கை ஒரு கிலோ தூய நீருக்கு மாற்றினால் 1.16 மோல். 25 டிகிரி வெப்பநிலையில் இதற்கு உரிய அழுத்தம் ஏறக்குறைய 29 பார். ஆனால் உண்மைக் கடல்நீரின் சவ்வூடு பரவல் அழுத்தம் 26 பாரைத்தான் ஒட்டி நிற்கிறது. ஆலையின் பம்புகள் இரண்டையும்விட மிக அதிகமாகவே அழுத்துகின்றன. நன்னீர் பிரியப் பிரிய மிச்ச நீர் உப்பேறிக்கொண்டே போகிறதே. அது வேறு விஷயம். நமக்கு வேண்டியது அந்த மூன்று பார் எங்கே போயிற்று என்பதுதான்.

ஹாலந்துக்காரரான வாண்ட் ஹாஃப் 1880களில் இதே சிக்கலைச் சந்தித்தார். சர்க்கரைக் கரைசலுக்குச் சரியாகப் பொருந்திய சூத்திரம் உப்புக் கரைசலுக்குப் பொருந்தவில்லை. உப்பு தன் பங்கைவிட அதிகமாக வேலை செய்தது. எத்தனை மடங்கு அதிகம் என்பதைக் குறிக்க i என்ற எழுத்தைச் சூத்திரத்தில் சேர்த்தார். அதுதான் வாண்ட் ஹாஃப் காரணி. உப்பு நீரில் அயனிகளாகப் பிரிகிறது என்று அர்ரீனியஸ் விளக்கியதும் i-க்குப் பொருள் கிடைத்தது. சோடியம் குளோரைடு இரண்டாகப் பிரிந்தால் i இரண்டு. மெக்னீசியம் சல்பேட்டும் இரண்டாகத்தான் பிரிகிறது, ஆகவே அதற்கும் இரண்டு.

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் என்.சி.இ.ஆர்.டி. பாடநூலின் கரைசல்கள் பாடத்தைப் புரட்டிப் பாருங்கள். 0.1 மோலால் செறிவில் சோடியம் குளோரைடுக்கு i = 1.87, மெக்னீசியம் சல்பேட்டுக்கு 1.21 என்று ஒரு சிறிய அட்டவணை சொல்லும். நூறு மடங்கு நீர்த்த 0.001 மோலால் கரைசலில் அவை 1.97, 1.82 என்று இரண்டை நோக்கி ஏறுகின்றன. இரண்டு உப்புகளும் இரண்டாகப் பிரிபவை. பிறகு ஏன் ஒன்று லேசாகச் சறுக்குகிறது, இன்னொன்று விழுந்தே போகிறது? பாடநூல் படிக்கும் பிள்ளை கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பெரும்பாலும் தேர்வுக்கு எண்ணை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடுகிறது என்பது என் வருத்தம்.

இதை நேரில் பார்க்கலாம், ஏனென்றால் கரைசலின் உறைநிலை எவ்வளவு இறங்கும் என்பதும் துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்ததே. ஒரு கிலோ தண்ணீரில் 5.84 கிராம் சாப்பாட்டு உப்பு ஒரு கரைசல். மருந்துக் கடையில் கிடைக்கும் பேதி உப்பு, அதாவது மெக்னீசியம் சல்பேட், 24.65 கிராமை 987 கிராம் தண்ணீரில் கரைத்தது இன்னொன்று. இரண்டும் 0.1 மோலால். பேதி உப்பின் ஒவ்வொரு மூலக்கூறும் ஏழு நீர் மூலக்கூறுகளைச் சுமந்து வருகிறது. தண்ணீரில் 13 கிராமைக் குறைத்தது அதற்காகத்தான். நொறுக்கிய பனிக்கட்டியில் கல் உப்பைக் கலந்து, அதற்குள் கரைசல் ஊற்றிய சோதனைக் குழாயை இறக்கி, 0.01 டிகிரி வரை காட்டும் வெப்பமானியால் மெல்லக் கலக்க வேண்டும். கரைசல் உறைய வேண்டிய இடத்தில் உறையாமல் கீழே வழுக்கும். பிறகு சட்டென்று பனித்துகள்கள் தோன்றி வெப்பநிலை மேலேறி ஓரிடத்தில் நிற்கும். நிற்கிற அந்த இடம்தான் உறைநிலை. தொட்டுவிட்டு வந்த அடிமட்டம் அல்ல.

i முழுதாக இரண்டு என்றால் இரு கரைசல்களும் பூச்சியத்துக்குக் கீழே 0.37 டிகிரியில் உறைய வேண்டும். சாப்பாட்டு உப்பு 0.35-இல் உறையும். பேதி உப்பு 0.22-இலேயே உறைந்துவிடும்.

இந்தச் சோதனையில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு. பேதி உப்பு சுமந்துவரும் நீரை மறந்து, நீரற்ற உப்பின் எடையான 12 கிராமை மட்டும் போட்டுவிடுவார்கள். செறிவு பாதியாகிவிடும், கணக்கிட்டால் i ஏறத்தாழ 0.6 என்று வரும். அந்த எண்ணைப் பார்த்ததுமே தராசைச் சந்தேகிக்க வேண்டும். எல்லா மெக்னீசியமும் ஆளுக்கொரு சல்பேட்டோடு ஒட்டிக்கொண்டாலும்கூட i ஒன்றுக்குக் கீழே இறங்க வழியில்லை.

சரி, 1.21 எப்படி வருகிறது? எதிரெதிர் மின்சுமை கொண்ட அயனிகள் ஒன்றையொன்று இழுக்கின்றன. அந்த இழுப்பு இரண்டு விதமாக வேலை செய்கிறது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காமல், ‘அயனிகள் சேர்ந்துவிடுகின்றன’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவது பாதி உண்மைதான்.

முதலாவது, மேகம். ஒரு சோடியம் அயனியைச் சுற்றிப் பார்த்தால், சராசரியாகக் குளோரைடுகள் சற்றுக் கூடுதலாகத் திரிந்துகொண்டிருக்கும். யாரும் யாரோடும் சேரவில்லை; ஆனாலும் ஒவ்வொன்றும் தன்னைச் சூழ்ந்த கூட்டத்தால் கொஞ்சம் கட்டுப்பட்டிருக்கிறது. அயனிகளின் இந்த இழுப்பைக் கணக்கில் கொண்டுவர 1918-இல் முயன்றவர்களில் ஒருவர் கல்கத்தாவின் ஞான் சந்திர கோஷ், பின்னாளில் கரக்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் இயக்குநர். கரைசலுக்குள்ளும் அயனிகள் படிகத்தில்போல ஒழுங்காக அடுக்கியிருப்பதாக அவர் எடுத்துக்கொண்டார், அது நிலைக்கவில்லை. 1923-இல் டிபையும் ஹுக்கலும் ஒழுங்கை விட்டுவிட்டு மேகத்தைப் பிடித்தார்கள். சாப்பாட்டு உப்பு 1.87-க்கு இறங்குவதன் பெரும்பகுதி இந்த மேகத்தின் வேலை.

இரண்டாவது, உண்மையான இணை. 1926-இல் டென்மார்க்கின் நீல்ஸ் பியெரம் ஒரு தூரத்தைக் கணக்கிட்டார். அந்தத் தூரத்துக்குள் இரண்டு அயனிகள் வந்துவிட்டால், வெப்ப அசைவின் உதைப்பு அவற்றை எளிதில் பிரித்துவிட முடியாது. அதன் பிறகு அவை ஒரே துகள்போலத் திரியும். சாதாரண வெப்பநிலை நீரில், ஒற்றை மின்சுமை கொண்ட சோடியம்–குளோரைடுக்கு அந்தத் தூரம் 3.6 ஆங்ஸ்ட்ராம். ஒரு நீர் மூலக்கூறின் அகலமே 2.8 ஆங்ஸ்ட்ராம். நடுவில் ஒரு நீர் மூலக்கூறு நின்றாலே இரண்டும் எல்லைக்கு வெளியே போய்விடும். அதனால் இணைவது அபூர்வம். மெக்னீசியத்துக்கும் சல்பேட்டுக்கும் மின்சுமை இரண்டிரண்டு. இரண்டை இரண்டால் பெருக்க நான்கு மடங்கு, 14.3 ஆங்ஸ்ட்ராம். நடுவில் இரண்டு நீர் மூலக்கூறுகள் நின்றாலும் இணை இணைதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. i = 1.21 என்றதும், நூற்றுக்கு 79 அயனிகள் இணைந்துவிட்டன, 21 மட்டும் தனியாக இருக்கின்றன என்று சொல்லத் தோன்றும். மேகத்தின் பங்கையும் இணையின் தலையில் கட்டிய கணக்கு அது. மேகத்தைத் தனியே கழித்துவிட்டுக் கணக்கிட்டால் இணைந்தவை பாதிக்கும் சற்றுக் குறைவாகத்தான் வருகின்றன.

கண்ணுக்குத் தெரியாத இந்த இணை உண்மையிலேயே இருக்கிறதா? கடலே சொல்லியிருக்கிறது, அதுவும் ஒலியால். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நீர்மூழ்கிகளைத் தேட ஒலியலைகளை அனுப்பியவர்களுக்கு ஒரு விஷயம் புரியவில்லை. சில பத்தாயிரம் ஹெர்ட்ஸ் ஒலியைக் கடல்நீர் நன்னீரைவிட முப்பது மடங்கு அளவுக்கு விழுங்கியது. உப்பு காரணம் என்றால் எந்த உப்பு? 1949-இல் லெனார்டும் அவருடைய தோழர்களும் செயற்கைக் கடல்நீரைக் கலந்து அளந்தார்கள். கடலில் மிக அதிகமாக இருக்கும் சோடியம் குளோரைடு குற்றவாளி அல்ல. மெக்னீசியம் சல்பேட்தான் ஒலியை விழுங்கியது.

எப்படி என்றால், தனித்தனி அயனிகள் தங்களைச் சுற்றிய நீரை இறுக்கிப் பிடிக்கின்றன. இணைந்தால் பிடி தளர்ந்து, மொத்தக் கனஅளவு சற்றுக் கூடுகிறது. ஒலியலை அழுத்தும்போது குறைந்த இடம் போதும் என்று இணைகள் பிரிகின்றன. அழுத்தம் விலகும்போது மீண்டும் சேர்கின்றன. ஆனால் இதற்கு மைக்ரோ நொடி அளவில் நேரம் பிடிக்கிறது. ஒரு லட்சம் ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிக்கு இணைகள் எப்போதும் அரை அடி பின்தங்கியே ஆடுகின்றன. அந்தப் பின்தங்கலில் ஒலியின் ஆற்றல் வெப்பமாகிக் கரைகிறது. 1962-இல் ஐகனும் டாமும் இதை இன்னும் நுட்பமாகப் பிரித்து, நடுவில் இரண்டு நீர் அடுக்கு, ஒரு நீர் அடுக்கு, நேரடித் தொடுதல் என்று மூன்று படிகளைக் காட்டினார்கள். வேகமான வினைகளை ஆராய்ந்ததற்காக 1967-இல் ஐகனுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மீன் தேடும் எக்கோ சவுண்டர்கள் வழக்கமாக 50, 200 கிலோஹெர்ட்ஸில் ஒலிப்பவை. வங்கக்கடலில் அந்த ஒலி தூரம் போகப் போகத் தேய்கிறது என்றால், அதில் பெரும் பங்கு இந்த இணைகளுடையது.

இனி அந்த மூன்று பாருக்குத் திரும்பலாம். 1962-இல் காரல்ஸ், தாம்சன் இருவரும் கடல்நீரில் யார் யாரோடு இணைந்திருக்கிறார்கள் என்று கணக்கிட்டார்கள். சல்பேட்டில் 54 சதவீதம் மட்டுமே தனியாக இருக்கிறது. 21 சதவீதம் மெக்னீசியத்தோடும் அதே அளவு சோடியத்தோடும் மீதி கால்சியத்தோடும் சேர்ந்திருக்கிறது. ஒரு கிலோ கடல்நீரில் சல்பேட் மொத்தமே 0.028 மோல். அதில் இணைந்தது 0.013 மோல்; ஒவ்வொரு இணைக்கும் ஒரு துகள் குறைகிறது. ஆனால் 29 பார் 26 ஆவதற்குச் சுமார் 0.11 மோல் துகள்கள் குறைந்ததுபோலத் தெரிய வேண்டும். ஆகவே அந்த மூன்று பாரில் இணைகள் தின்றது எட்டில் ஒரு பங்கு அளவுதான். மிச்சத்தில் பெரும்பகுதியை எங்கும் பரவிய சோடியம்–குளோரைடு மேகம் எடுத்துக்கொண்டது. பேதி உப்புக் கரைசலில் கதாநாயகனாக இருந்த இணை, கடலில் துணைப் பாத்திரமாகிவிடுகிறது. ஒலியில் மட்டும் அதற்கே முதல் இடம்.

செறிவு ஏற ஏற i இறங்கிக்கொண்டே போகும் என்றும் நினைத்துவிடக் கூடாது. மரக்காணம் உப்பளங்களில் வெயிலில் காய்ந்து நீர் குறையும் பாத்தியை எண்ணிப் பாருங்கள். தனிச் சோடியம் குளோரைடுக் கரைசலில் அரை மோலால் அருகே i 1.84 வரை இறங்கி, அங்கிருந்து திரும்புகிறது. மூன்று மோலாலுக்குள்ளேயே இரண்டைத் தாண்டிவிடும். உப்பு படியத் தொடங்கும் ஆறு மோலாலில் 2.5 ஆகிவிடுகிறது. துகள்கள் கூடிவிடவில்லை, நீர் குறைந்துவிட்டது. ஒரு கிலோ நீரில் 55.5 மோல் நீர் மூலக்கூறுகள். அதில் ஆறு மோல் உப்பு. ஒரு சோடியத்துக்கும் ஒரு குளோரைடுக்கும் சேர்த்தே ஒன்பது நீர் மூலக்கூறுதான் கிடைக்கிறது, ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி ஆறைக் கேட்கும்போது.