லோடை எண்ணாதீர்கள், லிட்டரை எண்ணுங்கள்

பெருங்குடி முதல் தாம்பரம் வரை லாரித் தண்ணீரை நம்பி ஓடும் அலுவலகங்களில் ஒவ்வொரு கோடையிலும் தண்ணீர்ச் செலவு பட்ஜெட்டைத் தாண்டுகிறது. ஏன் என்று ஃபைனான்ஸ் மேனேஜர் கேட்டால், "ரேட் ஏறிப்போச்சு சார், லோடும் ஜாஸ்தி" என்று ஒரே வரியில் பதில் போகிறது. 2019 ஜூனில் ஏரிகள் வறண்டு, ஓ.எம்.ஆரில் சில ஐ.டி. நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்ன பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. விலையால் எவ்வளவு, அளவால் எவ்வளவு என்று பிரிக்காத பதிலை வைத்து அவர் எந்த முடிவும் எடுக்க முடியாது.

ஒரு கணக்கைப் பாருங்கள். மாதம் 100 லோடு, லோடுக்கு 1,500 ரூபாய் என்று பட்ஜெட் 1,50,000. வந்தது 140 லோடு, லோடுக்கு 1,800, செலவு 2,52,000. கூடுதல் 1,02,000 ரூபாய். கூடுதலான 40 லோடை பட்ஜெட் விலையால் பெருக்கினால் 60,000. இது அளவால் வந்தது. ஏறிய 300 ரூபாயை வந்த 140 லோடால் பெருக்கினால் 42,000. இது விலையால் வந்தது. கூட்டுத்தொகை சரியாக வருகிறது. உடனே, ஊழியர்கள் தண்ணீரை வீணாக்குகிறார்கள் என்று தீர்ப்பு எழுதி, குழாயை மூடச் சொல்லிவிடுவார்கள்.

ஆனால் பட்ஜெட் போட்டது 12,000 லிட்டர் லாரிக்கு. வந்தவை 9,000 லிட்டர் லாரிகள். அப்படியானால் திட்டமிட்டது 1,200 கிலோலிட்டர், கிலோலிட்டர் 125 ரூபாய். வாங்கியது 1,260, விலை 200 ரூபாய். இப்போது அளவால் வந்தது 60 பெருக்கல் 125, வெறும் 7,500 ரூபாய். விலையால் வந்தது 75 பெருக்கல் 1,260, அதாவது 94,500. கூடுதல் அதே 1,02,000தான், காரணம்தான் தலைகீழ். பேச வேண்டியது சப்ளையரிடம்.

விலை வித்தியாசத்தை வாங்கிய அளவால்தான் பெருக்க வேண்டும். பட்ஜெட் அளவான 1,200ஆல் பெருக்கினால் 90,000தான் வரும். 4,500 ரூபாய்க்குக் கணக்கு இடிக்கும். அதை 'இதர' என்று ஒரு வரியில் தள்ளிவிடுபவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

இத்தனைக்கும் ஆதாரம் வாசலில்தான் இருக்கிறது. கேட் ரிஜிஸ்டரில் லாரி எண்ணை மட்டும் எழுதும் வழக்கத்தை மாற்றி, டேங்கர் கொள்ளளவையும், இறக்குவதற்கு முன்னும் பின்னும் தரைத்தொட்டியின் மட்டத்தையும் செக்யூரிட்டி எழுதட்டும். டெலிவரி சலானில் லிட்டர் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். பர்ச்சேஸ் ஆர்டரில் 'லோடுக்கு' என்ற விலை வேண்டாம். கிலோலிட்டருக்கு இவ்வளவு என்று எழுதுங்கள். சலானும் ரிஜிஸ்டரும் ஒத்துப்போனால்தான் பில் அக்கவுண்ட்ஸுக்குப் போக வேண்டும்.

திரும்பவும் சொல்கிறேன்: லோடை எண்ணாதீர்கள். அடுத்த கோடைக்கான பட்ஜெட்டை லிட்டர் கணக்கில் போட்டு, ஆர்டரையும் இப்போதே மாற்றி எழுதுங்கள்.